79 டாலர் அறைக்கு 140 டாலர்: ஓட்டல் முன்பதிவு ஸ்கிரீன்ஷாட்டைப் படிப்பது குறித்த கேள்விகள்

லாஸ் வேகாஸில் மூன்று இரவுக்கு ஓர் அறை பார்த்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறேன். இரவுக்கு 79 டாலர், வரியோடு 268.71 டாலர். பதிவு செய்துவிடலாமா?

பதிவு செய்வது உங்கள் விருப்பம். ஆனால் அந்த அறைக்கு உங்கள் கையிலிருந்து போகப்போவது 268.71 டாலர் அன்று, 421.77 டாலர். நீங்கள் அனுப்பிய படம் திரையின் நடுப்பகுதி மட்டுமே. தலைப்பகுதியும் கீழ்ப்பகுதியும் வெட்டுப்பட்டிருக்கின்றன. முழுத் திரையும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்:

```
$124 per night    $372 total
Excludes taxes

3 nights x $79.00         $237.00
Taxes & fees               $31.71
Pay now                   $268.71

Due at property
Resort fee                $153.06

Total                     $421.77
Free cancellation until Mar 19, 11:59 PM
(property local time)
```

இதில் ஓர் இரவுக்கான விலையாக இரண்டு எண்கள் கண்ணில் படுகின்றன: 79, 124. மூன்றாவது எண் திரையில் எங்கும் எழுதப்பட்டிருக்காது, அதை நாம்தான் போட்டுப் பார்க்க வேண்டும். 421.77-ஐ மூன்றால் வகுத்தால் 140.59 வருகிறது. மூன்று எண்களுமே பொய்யல்ல என்பதுதான் இதில் உள்ள சிக்கல். 79 என்பது அறை வாடகை மட்டும். 124 என்பது வாடகையும் ரிசார்ட் கட்டணமும் சேர்ந்தது, வரி சேராதது. 140.59 என்பது எல்லாம் சேர்ந்தது. வேறு ஓட்டலோடு ஒப்பிடுவதற்குப் பயன்படும் எண் கடைசியாகச் சொன்னது ஒன்றுதான்.

அந்த 153.06 டாலர் எங்கிருந்து வந்தது?

ரிசார்ட் கட்டணம் என்பது ஓட்டல் தானே விதித்துக்கொள்ளும் தினசரிக் கட்டணம். வைஃபை, உடற்பயிற்சிக்கூடம், நீச்சல்குளம், உள்ளூர்த் தொலைபேசி அழைப்பு என்று சிலவற்றைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு ஈடாக இந்தத் தொகை என்பார்கள். இந்த உதாரணத்தில் அது இரவுக்கு 45 டாலர், மூன்று இரவுக்கு 135 டாலர். லாஸ் வேகாஸின் பெரிய ஓட்டல்கள் வரிசையாக நிற்கும் ஸ்டிரிப் பகுதியில் தங்குமிட வரி 13.38 சதவீதம். ரிசார்ட் கட்டணம் கட்டாயமானது என்பதால் அதற்கும் இதே வரி உண்டு. 135 டாலருக்கு வரி 18.06 டாலர், இரண்டையும் கூட்டினால் 153.06.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சில முன்பதிவுத் தளங்கள் கீழே சிறு எழுத்தில் "Resort fee: USD 51.02 per accommodation, per night" என்று எழுதும். ஓட்டலின் சொந்தத் தளமோ அதே கட்டணத்தை 45 டாலர், வரி தனி என்று காட்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் தளம் ஆறு டாலர் கூடுதலாக வைத்துவிட்டது என்று நினைக்கக்கூடும். 45-ஐ 1.1338-ஆல் பெருக்கினால் 51.02 வந்துவிடும், ஆகவே இரண்டும் ஒரே தொகைதான்.

வரி ஏன் இப்படி 13.38 என்ற வினோதமான எண்ணாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்காக: முன்பு 12 சதவீதமாக இருந்ததோடு, 2016-இல் நெவாடா மாநிலச் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின்படி, கால்பந்து அரங்கத்துக்காக 0.88 சதவீதமும் மாநாட்டு மையத்தின் விரிவாக்கத்துக்காக 0.5 சதவீதமும் சேர்ந்தன. அந்த அரங்கத்துக்கு ஒதுக்கப்பட்ட பொதுப்பணம் 750 மில்லியன் டாலர். ஆட்டமே பார்க்காமல் ஊர் சுற்றிவிட்டு வருகிறவரும் அதில் ஒரு சிறு பங்கு கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்.

நான் நீச்சல்குளத்துக்குப் போக மாட்டேன், வைஃபையும் வேண்டாம். அப்போதும் கட்ட வேண்டுமா?

கட்ட வேண்டும். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு என்று விதிக்கப்படுவது அது. வேண்டாம் என்று விலக்கிக்கொள்ள வழி இருந்தால் அதற்குக் கட்டாயக் கட்டணம் என்ற பெயரே பொருந்தாது.

ரிசார்ட் கட்டணத்தை மறைக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்துவிட்டதாகச் சொன்னார்களே?

வந்திருக்கிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் கொண்டுவந்த விதி 2025 மே 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. நிகழ்ச்சி நுழைவுச்சீட்டுகளுக்கும் குறுகிய காலத் தங்குமிடங்களுக்கும் அது பொருந்தும். விலை என்று ஒன்றைக் காட்டினால் கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த மொத்தத்தையே எடுப்பாகக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம். மேலே உள்ள திரையின் தலையில் 124 என்றும் 372 என்றும் இருப்பதற்கு இந்த விதியே காரணம். முன்பு அதே இடத்தில் 79 என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள்.

ஆனால் அந்த விதி மூன்று காரியங்களைச் செய்யவில்லை. ரிசார்ட் கட்டணத்தை வசூலிக்கக் கூடாது என்று அது சொல்லவில்லை. அரசு விதிக்கும் வரியை முதலில் காட்டும் மொத்தத்திலிருந்து விட்டுவிடலாம், பணம் கட்டச் சொல்வதற்கு முன்னால் தெரிவித்தால் போதும் என்று அனுமதிக்கிறது, 372-க்கும் 421.77-க்கும் இடையே உள்ள 49.77 டாலர் இந்த அனுமதியில் நிற்கிறது. எந்தத் தொகையை இப்போது வாங்குவது, எதை ஓட்டல் மேசையில் வாங்குவது என்பதையும் அது மாற்றவில்லை. ஆகவே "Pay now" என்ற வரியை மட்டும் வெட்டி எடுத்து வாட்ஸாப்பில் அனுப்புகிறவருக்கு, சட்டம் வந்த பிறகும் பழைய ஏமாற்றமே காத்திருக்கிறது. விலையை மறைத்தது தளம் அன்று, வெட்டிய கைதான்.

இதையொட்டி இன்னொன்று. நண்பர் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் 79 டாலருக்குத் தங்கியதாகச் சொல்லி, இப்போது அதே ஓட்டல் 124 காட்டுகிறது, விலை எகிறிவிட்டது என்று வருந்தினால், அந்தப் பழைய 79-இல் ரிசார்ட் கட்டணம் சேர்ந்திருக்கவில்லை என்பதை முதலில் நினைவுபடுத்துங்கள். வாடகை ஒரு டாலர்கூட ஏறாமலேயே காட்டப்படும் விலை ஏறியிருக்கலாம்.

வரி, கட்டணம் என்று 31.71 டாலர் இப்போதே பிடித்துவிட்டார்களே, பிறகு ஓட்டலில் ஏன் மறுபடியும் வரி?

முதலில் பிடித்தது அறை வாடகைக்கான வரி. 237-க்கு 13.38 சதவீதம் 31.71. ஓட்டலில் பிடிப்பது ரிசார்ட் கட்டணத்துக்கான வரி. ஒரே வரியைத் தளமும் ஓட்டலும் தத்தம் வசூலுக்கு ஏற்பப் பிரித்து வாங்குகின்றன. இரட்டை வசூல் இல்லை.

இந்தச் சின்னக் கணக்கு வேறொரு வகையிலும் பயன்படும். "Taxes & fees" என்ற ஒரே தலைப்பின் கீழ் வரியோடு தளத்தின் சொந்தச் சேவைக் கட்டணமும் கலந்திருக்கக்கூடும், பிரித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். அந்தத் தலைப்புக்கு எதிரே உள்ள தொகையை வாடகையால் வகுத்துப் பாருங்கள். 31.71-ஐ 237-ஆல் வகுத்தால் 0.1338 வருகிறது, ஆகவே அது முழுவதும் வரிதான். அதே இடத்தில் 44.19 என்று இருந்திருந்தால் விகிதம் 18 சதவீதத்தைத் தாண்டும், அப்படியானால் 12.48 டாலர் வரியல்லாத ஏதோ ஒன்று. இப்படிப்பட்ட இடத்தில் ஓட்டலின் சொந்தத் தளத்தில் அதே தேதிகளைப் போட்டுப் பார்ப்பதே சரியான சோதனை.

இன்னோர் ஓட்டல் இரவுக்கு 109 டாலர் காட்டுகிறது, ரிசார்ட் கட்டணம் இல்லை என்கிறது. 79 டாலர் ஓட்டல்தானே மலிவு?

109 டாலர் ஓட்டல்தான் மலிவு. மூன்று இரவுக்கு 327 டாலர், அதே 13.38 சதவீத வரியைச் சேர்த்தால் 370.75 டாலர். முதல் ஓட்டலின் 421.77-ஐவிட 51.02 டாலர் குறைவு. தற்செயலாக, முதல் ஓட்டலின் ஒரு நாள் ரிசார்ட் கட்டணமும் வரியோடு சரியாக அதே தொகைதான்.

ரிசார்ட் கட்டணம் வாங்காத ஓட்டல்கள் பெரும்பாலும் ஸ்டிரிப்பிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும். வாடகைக் கார் எடுத்து கிராண்ட் கேன்யன் போய்விட்டு இரவில் தூங்க மட்டும் வருகிற குடும்பத்துக்கு அந்தத் தூரம் ஒரு பொருட்டில்லை. கார் இல்லாமல் ஸ்டிரிப்பிலேயே நடந்து திரிய வந்தவர்களுக்கு அந்த 51 டாலர் இரண்டே நாள் டாக்சியில் போய்விடும். காருடன் ஸ்டிரிப்பில் தங்குகிறவர்கள் நிறுத்துமிடக் கட்டணத்தையும் பார்க்க வேண்டும். பல ஓட்டல்களில் அது ரிசார்ட் கட்டணத்தில் சேராது, மேலே காட்டிய திரையில் எந்த இடத்திலும் வராது, ஏனென்றால் அது கட்டாயமில்லாதது என்ற கணக்கில் வைக்கப்படுகிறது. ஓட்டலின் தளத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

"Free cancellation" என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கிறதே, எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து முழுப் பணத்தையும் வாங்கிவிடலாம் அல்லவா?

அந்தப் பச்சை எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு தேதியும் நேரமும் இருக்கும். அவை இல்லாமல் அந்தச் சொற்களுக்குப் பொருள் இல்லை. நம் உதாரணத்தில் மார்ச் 22 ஞாயிறு அன்று தங்கத் தொடங்குகிறீர்கள், இலவச ரத்துக்குக் கெடு மார்ச் 19 இரவு 11:59. அது ஓட்டல் இருக்கும் ஊரின் நேரம். மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். அதன் பிறகு லாஸ் வேகாஸ் நேரத்தைவிட நம் நேரம் பன்னிரண்டரை மணி முன்னால் இருக்கும். ஆகவே சென்னையில் இருப்பவருக்குக் கெடு முடிவது மார்ச் 20 பகல் 12:29. குளிர்காலமாக இருந்தால் இடைவெளி பதின்மூன்றரை மணி, கெடு பகல் 1:29 வரை நீளும். சென்னையிலிருந்து பதிவு செய்தவருக்கு இதனால் நேரம் கூடித்தான் கிடைக்கிறது. நியூயார்க்கில் இருக்கும் மகன் பதிவு செய்திருந்தால் அவருக்கும் மூன்று மணி நேரம் கூடுதல். ஹவாயில் இருந்துகொண்டு வேகாஸ் அறையை ரத்து செய்ய நினைப்பவருக்கு மட்டும் கெடு அவருடைய கடிகாரத்தில் முன்னதாகவே வந்துவிடும்.

கெடு தாண்டினால் என்ன பிடிப்பார்கள் என்பது அடுத்த வரியில் இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டில் அதிகமாக வெட்டுப்படுவது அந்த வரிதான். முதல் இரவுக்கான வாடகையும் வரியும் என்றிருந்தால் நம் உதாரணத்தில் 89.57 டாலர் போகும். "resort fee" என்ற சொல்லும் அதில் சேர்ந்திருந்தால் 140.59 போகும். முழுத் தொகையும் என்றிருந்தால் 268.71. மூன்றுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். அந்த ஒரு வரியைப் படிக்காமல் பச்சை எழுத்தை மட்டும் நம்புவது சரியில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. தேடல் பட்டியலில் ஓட்டலின் பெயருக்குக் கீழே வரும் இலவச ரத்து என்ற குறிப்பு, அந்த ஓட்டலில் ஏதாவது ஒரு விலைத் திட்டத்துக்கு அந்த வசதி உண்டு என்பதை மட்டுமே சொல்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்த அறைக்கும் விலைக்கும் அது பொருந்துகிறதா என்பது பணம் கட்டும் கடைசித் திரையிலும், பிறகு வரும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலிலும்தான் தெரியும். தேடல் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டை யாரிடம் காட்டியும் பயன் இல்லை.

ரத்து செய்ய முடியாத விலை 71 டாலர். பத்து சதவீதம் தள்ளுபடி என்கிறார்கள். எடுக்கலாமா?

அது பத்து சதவீதம் இல்லை. தள்ளுபடி அறை வாடகைக்கு மட்டுமே, ரிசார்ட் கட்டணத்தை அது தொடவே தொடாது. 71 டாலர் விலையில் மூன்று இரவுக்கு 213, வரியோடு 241.50 டாலர். அதோடு ஓட்டலில் கட்டும் அதே 153.06-ஐச் சேர்த்தால் 394.56. முன்பு 421.77. மிச்சம் 27.21 டாலர், அதாவது மொத்தத்தில் ஆறரை சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. வாடகை குறைந்த ஓட்டலில் ரிசார்ட் கட்டணம் கனமாக இருக்கும்போது, எந்தத் தள்ளுபடியும் சொல்லும் அளவைவிடச் சுருங்கித்தான் கையில் வரும். அறை இலவசம், வாடகை பூச்சியம் என்று சூதாட்டக் கூடங்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் அழைப்புகளிலும் ரிசார்ட் கட்டணம் தனி என்றிருந்தால் இரவுக்கு 51.02 டாலர் கட்டத்தான் வேண்டும்.

ஆகவே கேள்வி இப்படி மாறுகிறது: 27 டாலரை மிச்சம் பிடிக்க 241.50 டாலரைப் பணயம் வைக்கலாமா? என் கணக்கில், ஒன்பது முறைக்கு ஒரு முறையாவது பயணம் மாறக்கூடிய ஆளாக இருந்தால் வேண்டாம். விசா இன்னும் கைக்கு வராதவர், சின்னக் குழந்தையோடு போகிறவர், வேலையில் விடுப்பு உறுதியாகாதவர் எல்லாரும் இந்த வகைதான். மகளின் வீட்டில் ஏற்கெனவே வந்து தங்கியிருந்து, அடுத்த வாரம் காரில் கிளம்பப்போகிற தாய் தந்தையருக்கு 71 டாலர் விலையை நானே எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

இலவச ரத்துக் காலத்துக்குள் ரத்து செய்தேன். இந்திய கார்டில் கட்டியதைவிடக் குறைவாகத் திரும்பி வந்திருக்கிறதே?

ஓட்டலோ தளமோ 268.71 டாலரை அப்படியே திருப்பித் தந்திருக்கும். குறைந்தது ரூபாயில். பணம் போன நாளின் மாற்று விகிதம் வேறு, திரும்பிய நாளின் விகிதம் வேறு. அதோடு, வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு வங்கி எடுத்துக்கொள்ளும் கட்டணமும் அதன் மீதான ஜிஎஸ்டியும் பொதுவாகத் திரும்புவதில்லை. கட்டணம் இல்லாத ரத்து என்று திரையில் எழுதியவர் உங்கள் வங்கிக்காகப் பேசவில்லை.

இதைத் தவிர்க்க ஒரு வழி, இலவச ரத்துள்ள அறைகளில் "Pay at property" என்ற தேர்வு கிடைத்தால் அதை எடுப்பது. அப்போது இப்போதைக்குப் பணமே போகாது, திரும்ப வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் பிறகு கட்டலாம் என்று இருக்கும் எல்லாத் திட்டங்களும் ஓட்டல் மேசையில்தான் வாங்கும் என்று நினைத்துவிட வேண்டாம். சிலவற்றில் தங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்பே கார்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், அந்தத் தேதியும் திரையில் எழுதியிருக்கும்.

திரையிலேயே எல்லாம் ரூபாயில் காட்டுகிறதே. அந்தத் தொகையைத்தானே ஓட்டலிலும் கட்டுவேன்?

"Pay now" என்ற பகுதி ரூபாயிலேயே எடுக்கப்படலாம். ஓட்டலில் கட்ட வேண்டிய பகுதி ரூபாயில் காட்டப்பட்டாலும் அது ஒரு மதிப்பீடு மட்டுமே. ஓட்டல் டாலரில்தான் வாங்கும், அந்த நாளின் விகிதத்தில்தான் உங்கள் வங்கி மாற்றும். கணக்குக்காக டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 153.06 டாலர் திரையில் 13,775 ரூபாயாகத் தெரியும். உங்கள் கார்டின் வெளிநாட்டுக் கட்டணம் 3.5 சதவீதமாக இருந்தால் அதற்கு 482 ரூபாய், அந்தக் கட்டணத்தின் மீது 18 சதவீத ஜிஎஸ்டி 87 ரூபாய். கடைசியில் போவது சுமார் 14,344 ரூபாய். இந்த 569 ரூபாய் முன்பதிவுத் திரையில் எங்கும் இராது.

மேசையில் கார்டைச் செருகும்போது இயந்திரம் ரூபாயில் கட்டுகிறீர்களா, டாலரில் கட்டுகிறீர்களா என்று கேட்டால் டாலரைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தை இயந்திரத்தின் பக்கம் இருப்பவர் நிர்ணயிப்பார், அது பெரும்பாலும் உங்கள் வங்கியின் விகிதத்தைவிட மோசமாகவே இருக்கும்.

421.77-க்கு மேல் செக்-இன் நேரத்தில் இன்னும் முந்நூறு டாலர் கார்டில் பிடித்துவிட்டார்கள். ஏமாற்றா?

பெரும்பாலும் அது வைப்புத்தொகை. அறையில் ஏதாவது சேதமானாலோ, உணவை அறைக் கணக்கில் எழுதினாலோ ஈடுகட்டிக்கொள்ள, ஓட்டல்கள் ஒரு தொகையைக் கார்டில் நிறுத்தி வைக்கும். லாஸ் வேகாஸில் இதை ஓர் இரவுக்கு இவ்வளவு என்று கணக்கிடும் ஓட்டல்கள் உண்டு. அது விலையின் பகுதி இல்லை, விடுவிக்கப்படும். ஆனால் கிரெடிட் கார்டில் வரம்பு மட்டும் குறையும் என்றால், டெபிட் கார்டில் உங்கள் சொந்தப் பணமே பல நாள் முடங்கிவிடும். ஆகவே இந்த இடத்தில் டெபிட் கார்டைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

நானே ஒரு முறை இதில் மாட்டினேன். அந்த ஓட்டலின் பெயர் இங்கே தேவையில்லை. டெபிட் கார்டைக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போன பிறகுதான் கணக்கில் இருப்பு குறைந்திருப்பதைக் கவனித்தேன். மறுநாள் பெட்ரோல் போட மனைவியின் கார்டை வாங்க வேண்டியதாயிற்று. கோபமாக மேசைக்குப் போனபோது, செக்-இன் தாளில் நான் கையெழுத்திட்ட இடத்துக்கு மேலேயே அந்தத் தொகை அச்சாகியிருந்ததைக் காட்டினார்கள்.

நாங்கள் நான்கு பெரியவர்கள். ஒரே அறையில் தங்கப்போகிறோம். விலை மாறுமா?

மாறக்கூடும். ரிசார்ட் கட்டணம் அறைக்குத்தான், ஆளுக்கு இல்லை. ஆனால் மூன்றாவது, நான்காவது பெரியவருக்கு இரவுக்கு இவ்வளவு என்று தனியே வாங்கும் ஓட்டல்கள் ஸ்டிரிப்பில் உள்ளன. ஸ்கிரீன்ஷாட்டின் தலையில் "2 adults" என்று இருக்கிறதா என்று பாருங்கள். தளங்கள் கேட்காமலேயே இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளும். நான்கு என்று மாற்றித் தேடினால்தான் உண்மையான தொகை வரும். நான் பார்த்தவரை, நம் குடும்பப் பயணங்களில் கணக்குத் தவறுவது ரிசார்ட் கட்டணத்துக்கு அடுத்தபடியாக இந்த இடத்தில்தான்.

வேறு நாடுகளிலும் "Due at property" என்று வருகிறதே, அதுவும் ரிசார்ட் கட்டணமா?

பெரும்பாலும் இல்லை. அங்கே அது அரசு வரி. மலேசியாவில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி, 2017 செப்டம்பர் முதல் உண்டு. துபாயில் ஓட்டலின் நட்சத்திரத் தரத்தைப் பொறுத்து ஓர் இரவுக்கு 7 முதல் 20 திர்ஹாம். இத்தாலிய நகரங்களில் இதே போன்ற வரி ஆள் கணக்கில் வரும், ஆகவே நான்கு பேர் என்றால் நான்கு மடங்கு. திரையில் அறைக்கா, ஆளுக்கா, இரவுக்கா, முழுத் தங்கலுக்கா என்ற சொல்லைத் தேடிவிட்டுப் பெருக்குங்கள். அமெரிக்காவிலேயே சில நகரங்களில் ரிசார்ட் என்று சொல்லக் கூச்சப்பட்டு "Destination fee" அல்லது "Amenity fee" என்று எழுதுவார்கள். பெயர் வேறு, கணக்கு ஒன்றுதான்.

திரையில் 153.06 என்று இருந்தது. ஓட்டல் மேசையில் 170 டாலர் கேட்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் அந்தத் தொகையைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கூடுதல் ஆளுக்கான கட்டணமோ, முன்கூட்டியே அறை கேட்டதற்கான கட்டணமோ அதில் கலந்திருக்கலாம். அப்படி இல்லாமல் ரிசார்ட் கட்டணமே உயர்ந்துவிட்டது என்றால், உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் உள்ள தொகையைக் காட்டிப் பேசுங்கள். உங்களிடம் இருப்பது ஸ்கிரீன்ஷாட் மட்டும் என்றால் அதில் தேதிகள், அறை வகை, "Due at property" தொகை, "Total" ஆகிய நான்கும் ஒரே படத்தில் இருக்க வேண்டும். துண்டு துண்டாக வெட்டிய படங்களைப் பார்த்து மேசையில் இருப்பவர் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் மறுத்தால் பதிவு செய்த தளத்தை அங்கிருந்தே அழையுங்கள், ஊருக்குத் திரும்பிய பிறகு அழைப்பதைவிட அப்போது பலன் அதிகம். இரண்டு பக்கமும் கைவிரித்தால், ரசீதை வாங்கிக்கொண்டு reportfraud.ftc.gov என்ற முகவரியில் வணிக ஆணையத்திடம் புகார் பதியலாம். தனிப்பட்ட முறையில் உங்கள் 17 டாலரை அவர்கள் வாங்கித் தர மாட்டார்கள். அந்தத் தொகை வேண்டுமென்றால், கிரெடிட் கார்டு வங்கியிடம் அந்த மின்னஞ்சலையும் ரசீதையும் இணைத்து, ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் பிடித்துவிட்டார்கள் என்று மறுப்புத் தெரிவிப்பதே நடக்கக்கூடிய வழி.